ஏழு பக்கம் ஒரு பக்கமான கதை

(நமது அறவாரியத்தின் கல்வி நிதி வழங்கும் நாளன்று, கோயில் திருமண மண்டபத்தில் பெற்றோர்கள், மாணவர்கள், உபயக்காரர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று என்னைப் பேசச் சொன்னவர்கள் தலைப்பு எதுவும் தரவில்லை. 'வாத்தியார் எதையாவது பேசுவார்' என்று விட்டுவிட்டார்கள். ஆகவே சென்ற ஆண்டு இதே மண்டபத்தின் பின்னாலுள்ள நூலக அறையில் நடந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ஒரு பெண் கொண்டுவந்த ஏழு பக்க பயோடேட்டாவை ஒரு பக்க ரெசுமேயாக எப்படி மாற்றினோம் என்பதுதான் அது. அந்தப் பெண் நமது கல்வி நிதியில் படித்தவர். வெள்ளிக்கிழமைகளில் இங்கே தேவாரம் பாடுபவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

அவருடைய தந்தையாரும் உடன் வந்திருந்தார். லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "சார், நாற்பது இடத்துக்குமேல் போட்டாச்சு. ஒருத்தனும் பதில் எழுதல. பிள்ளை நல்லாத்தானே படிச்சிருக்கு? நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார். நான் கோப்பை வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தைக் கண்டதும் எனக்குத் துணுக்கென்றது. அது நான் சொல்லிக்கொடுத்த வடிவம்!

ஆம் ஐயா. பல ஆண்டுகள் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். மேலே நடுவில் பெரிய எழுத்தில் 'பயோடேட்டா', வலப்பக்கம் புகைப்படம், பிறகு பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வயது, இனம், சமயம், திருமண நிலை, தந்தை பெயர், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை. கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழியும் கையொப்பமும். அக்காலத்தில் அது பிழையில்லை. உள்ளூரில் வேலைக்கான பாரங்களே இவற்றையெல்லாம் கேட்டன. கேட்டதை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுத்தோம். என் மாணவர் ஒருவரிடம் கற்ற அந்த வடிவத்தைத்தான் இந்தப் பெண்ணின் அண்ணன் இவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். உயரமும் எடையும்கூட இருந்தன. ராசியும் நட்சத்திரமும் மட்டும் சேர்த்திருந்தால் கல்யாணத் தரகரிடம் அப்படியே கொடுத்துவிடலாம்!

ஆனால் இந்தப் பெண் விண்ணப்பிக்க விரும்பியது அயர்லாந்தில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு. தரப் பொறியாளர் வேலை. 'ஒரு பக்கத்துக்கு மிகாமல் ரெசுமே அனுப்புக' என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள். அங்கே இருந்துதான் நாங்கள் தொடங்கினோம்.

முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. நீங்கள் வியப்படையலாம். ஏழு பக்கத்தை ஒரு பக்கமாக்க வேண்டுமென்றால் அழிக்கத்தானே வேண்டும் என்பீர்கள். இல்லை. அந்த ஏழு பக்கத்தையும் 'தாய்ப் படி' என்று பெயரிட்டுப் பத்திரமாக வைத்துவிட்டோம். தேதிகள், பயிற்சிகள், மதிப்பெண்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு பக்கம் எழுதுவது. இது தெரியாமல் அழிக்க உட்கார்ந்தால் கை வராது. எதை எடுத்தாலும் மனம் வலிக்கும். எடுப்பது அழிப்பதாகாது என்று தெரிந்தால் வேலை இலகுவாகிவிடும்.

பிறகு ஒரு நகல் எடுத்துச் சிவப்புப் பென்சிலைக் கையில் கொடுத்தேன். அயர்லாந்தில் 1998 முதல் இயற்றப்பட்ட வேலைச் சமத்துவச் சட்டங்கள் நடப்பில் இருக்கின்றன. ஒன்பது காரணங்களால் ஒருவரை வேலையில் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்று அவை சொல்கின்றன. பால், திருமண நிலை, குடும்ப நிலை, பாலியல் நாட்டம், சமயம், வயது, உடற்குறை, இனம், அந்நாட்டின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்திருத்தல் ஆகியவையே அந்த ஒன்பது. நம் பெண்ணின் முதல் பக்கத்தை வைத்து எண்ணிப் பார்த்தோம். பால், திருமண நிலை, சமயம், வயது, இனம் என ஐந்து அதில் அச்சடித்த மாதிரி இருந்தன. நாம் பணிவாகத் தகவல் தருவதாக நினைக்கிறோம். வாங்குகிறவருக்கோ அது சங்கடம். பின்னாளில் 'இதைப் பார்த்துத்தான் என்னை ஒதுக்கினாய்' என்ற வழக்கு வரக்கூடாதே என்று இவற்றைப் பார்க்காமலிருக்கவே அவர்கள் விரும்புவார்கள். புகைப்படத்தையும் இதே காரணத்தால் எடுத்துவிட வேண்டும். எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது. செர்மனியில் புகைப்படம் ஒட்டும் வழக்கம் இன்னும் பரவலாக உண்டு. ஆகவே எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு வழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டு அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வயதை எடுத்துவிட்டு எண்ணை விட்டுவைத்தால் வயதை எடுத்ததாகவே ஆகாது. இன்னொன்று, இது அதைவிடப் பெரிது. கம்போடியாவிலும் மியன்மாரிலும் நல்ல வேலை என்று நம்பிப் போய் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி 2022ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் படித்தோம். எல்லா விளம்பரமும் உண்மையான நிறுவனத்தினுடையது அல்ல. நாற்பது இடங்களுக்குப் பெயர், எண், முகவரி, தந்தை பெயர், புகைப்படம் எல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறார் இந்தப் பெண். அந்த நாற்பதில் எத்தனை நிறுவனம், எத்தனை கும்பல் என்று யாருக்குத் தெரியும்? உண்மையான முதலாளிக்கு அட்டை எண்ணோ கடவுச்சீட்டு எண்ணோ முதல் கடிதத்தில் தேவையில்லை. வேலை உறுதியான பிறகு, விசாவுக்காகக் கேட்பார்கள். அப்போது கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் தந்தையாருக்கு முகம் மாறியது. தம்முடைய பெயர் இருந்த வரியின்மேல் சிவப்புக் கோடு விழுவதைப் பார்த்தார். "என்ன சார், அப்பன் பேரையே எடுத்துட்டீங்க?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவருக்கு நான் சொன்னது இதுதான்: "உங்கள் பெயர் போகாது. மேலே பிள்ளையின் பெயருக்கு அடுத்துத்தான் இருக்கப்போகிறது."

நம் தமிழர் பெயரில் இது ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயர், பிறகு 'ஏ' சாய்கோடு 'பி', பிறகு தந்தை பெயர் என்று இருக்கும். ஆண் பிள்ளையானால் 'ஏ' சாய்கோடு 'எல்'. வெளிநாட்டுக்காரருக்கு அந்தச் சாய்கோடு என்னவென்று தெரியாது. சில கணினிப் பாரங்கள் சாய்கோட்டை ஏற்பதே இல்லை. ஆகவே ரெசுமேயில் அந்த இரண்டு எழுத்தையும் கோட்டையும் விட்டுவிட்டுப் பிள்ளை பெயர், தந்தை பெயர் என்று இரண்டு சொல்லாக எழுதினோம். பாரத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயர் வரும். மின்னஞ்சல், ரெசுமே, சான்றிதழ்ப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். விசா விண்ணப்பத்தில் மட்டும் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரும் எழுத வேண்டும், ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இதைச் சொன்னதும் தந்தையார் சற்று ஆறுதலடைந்தார்.

அடுத்து நீலப் பென்சில். இது பழையதற்கு. இரண்டாம் பக்கம் முழுவதும் தேர்வு முடிவுகள். 2009இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் 7ஏ. 2012இல் பி.எம்.ஆர். 2014இல் எஸ்.பி.எம். 2016இல் எஸ்.டி.பி.எம். ஒவ்வொன்றிலும் பாடவாரியாக. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை 7ஏ எடுப்பது எவ்வளவு பெரிய செய்தி என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். ஆனால் பி.எம்.ஆர். 2013உடன் நின்றுவிட்டது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலேயே இப்போது இல்லாத தேர்வை அயர்லாந்துக்காரர் எப்படி அறிவார்? பட்டம் பெற்றவருக்குப் பட்டம் ஒன்றே போதும். பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, புள்ளி. புள்ளி எழுதும்போது 3.41 என்று மட்டும் எழுதினால் ஐந்துக்கா பத்துக்கா என்று தெரியாது. '4.00க்கு 3.41' என்று எழுத வேண்டும். பட்டம் இல்லாதவர்கள் தங்கள் உயர்ந்த தேர்வை ஒரே வரியில், அது என்ன நிலைத் தேர்வு என்ற விளக்கத்தோடு எழுதினால் போதும்.

பள்ளி நெட்பால் குழு, மாணவர் தலைவி, செம்பிறைச் சங்கம் எல்லாவற்றுக்கும் நீலக் கோடு. மூன்று பரிந்துரையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, கைத்தொலைபேசி எண் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது! அவற்றையும் எடுத்துத் தனித்தாளில் வைத்தோம். கேட்டால் கொடுக்கலாம். மற்றவர் எண்ணைத் தெரியாத நாற்பது பேருக்கு அனுப்பும் உரிமை நமக்கில்லை. உறுதிமொழியும் கையொப்பமும் போயின. ஏழு பக்கம் மூன்றரைப் பக்கமானது.

இதோடு நிறுத்திவிட்டு எழுத்தைச் சிறிதாக்கி ஒரு பக்கத்தில் திணிப்பவர்கள் உண்டு. அது தவறு. இதுவரை செய்தது குப்பை நீக்கியது மட்டும்தான். சோறு இன்னும் வேகவில்லை.

மூன்றாவதாகப் பச்சைப் பென்சில். இந்தத் தடவை பயோடேட்டாவை விட்டுவிட்டு விளம்பரத்தை எடுத்தோம். அவர்கள் கேட்பதை ஒவ்வொன்றாகக் கோடிட்டோம். நான்கு தேறின. மின்தகட்டில் உறுப்புகளைப் பொருத்தும் வரிசையில் மூன்றாண்டுத் தர அனுபவம். பழுதின் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கும் திறன். வாடிக்கையாளர் புகாருக்கு எழுத்தில் பதில் அளித்த அனுபவம். ஐபிசி-ஏ-610 என்னும் தர அளவுகோலில் சான்றிதழ். இந்த நான்குக்கும் இந்தப் பெண்ணிடம் பதில் உண்டா என்று தேடினோம்.

நான்குக்கும் இருந்தது! ஆனால் எங்கே இருந்தது தெரியுமா? அந்த ஐபிசி சான்றிதழ் ஆறாம் பக்கத்தில், 'இதரப் பயிற்சிகள்' என்ற தலைப்பில், முதலுதவி வகுப்புக்கும் யோகா முகாமுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் பெயர் சொல்லிக் கேட்ட பொருள் அது. அது ஆறாம் பக்கத்தில் இருந்தால் யார் ஆறாம் பக்கம் வரை படிப்பார்கள்? அந்தச் சான்றிதழ் இரண்டாண்டுக்குத்தான் செல்லும் என்பதால், எந்த மாதம் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் சேர்த்து மேலே கொண்டுவந்தோம்.

புகார் பதிலும் அப்படித்தான். 'அறிக்கைகள் தயாரித்தல்' என்று இரண்டே சொல். "என்ன அறிக்கைம்மா?" என்று கேட்டேன். "எய்ட் டி ரிப்போர்ட் சார். கஸ்டமர் கம்ப்ளெய்ன் வந்தா எழுதுறது" என்றார். எட்டுப் படிகளில் பழுதை ஆராய்ந்து, காரணம் கண்டு, மறுபடி வராமல் தடுத்ததை வாடிக்கையாளருக்கு எழுதும் முறை அது என்று விளக்கினார். "எத்தனை எழுதியிருப்பாய்?" கோப்பைப் பார்த்து எண்ணிவந்து மறுவாரம் சொன்னார்: இருபத்திரண்டு. 'அறிக்கைகள் தயாரித்தல்' எங்கே, 'வாடிக்கையாளர் புகார்களுக்கு 22 எட்டுப்படி அறிக்கைகளை எழுதினேன்' எங்கே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவருடைய வேலை அனுபவம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பதினான்கு வரிகள். அவற்றில் பதினொன்று 'பொறுப்பு' என்ற சொல்லில் தொடங்கின. தரத்துக்குப் பொறுப்பு, கூட்டங்களுக்குப் பொறுப்பு, பதிவேடுகளுக்குப் பொறுப்பு. இவை நிறுவனம் அவருக்குக் கொடுத்த வேலைப் பட்டியல். அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுமே செய்யாதவரும் இதே பதினான்கு வரியை எழுதலாம் அல்லவா? ஆசிரியர் வேலைக்கு 'பாடம் நடத்தப் பொறுப்பு' என்று எழுதுவது மாதிரி.

ஆகவே நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "நீ வந்ததற்குப் பிறகு எது மாறிற்று?" முதலில் "ஒன்றுமில்லை சார், எல்லாரும் செய்யற வேலைதான்" என்றார். நம் பிள்ளைகள் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். தன்னைப் பற்றித் தானே சொல்வது தற்பெருமை என்று வளர்த்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது.

மின்தகட்டின்மேல் ஈயப் பசையைத் துளையிட்ட ஓர் எஃகுத் தகட்டின் வழியாக அச்சடிப்பார்களாம். அந்த அச்சுத் தகட்டின் அடியில் பசை ஒட்டிக்கொண்டால் அடுத்தடுத்த தகடுகளில் பசை பரவி, தொடக்கூடாத இரண்டு கால்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்காக அடிப்பக்கத்தை இயந்திரமே அவ்வப்போது துடைக்கும். இருபது தகட்டுக்கு ஒருமுறை துடைக்கும்படி வைத்திருந்தார்கள். ஒட்டும் பழுதுகள் பெரும்பாலும் பதினைந்தாவது தகட்டுக்குப் பிறகே வருவதை இவர் சோதனை இயந்திரத்தின் பதிவிலிருந்து கவனித்திருக்கிறார். பத்துத் தகட்டுக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆறு வாரம் சோதித்தார்கள். முன்பு ஆயிரம் தகட்டுக்குப் பதினெட்டில் இருந்த அந்தப் பழுது ஏழாகக் குறைந்தது. கூடுதலாகத் துடைப்பதால் உற்பத்தி குறைந்ததா என்று கேட்டேன். இல்லையாம். வரிசையில் அடுத்துள்ள இயந்திரம்தான் மெதுவானது, அச்சு இயந்திரம் எப்படியும் அதற்காகக் காத்துத்தான் நிற்குமாம்.

எனக்கு மின்னணுவியல் தெரியாது. ஆனால் இதுதான் அந்த ஏழு பக்கத்திலேயே சிறந்த செய்தி என்று தெரிந்தது. அந்த ஏழு பக்கத்தில் அது இல்லவே இல்லை!

எழுதும்போது இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தோம். முதலாவது நேர்மை. 'தலைமை தாங்கினேன்' என்று எழுதலாமா என்று அண்ணன் கேட்டார். யோசனை இவருடையது, இயந்திரத்தில் மாற்றியது தொழில்நுட்பர், அனுமதி கொடுத்தது மேலாளர். ஆகவே 'பதிவுகளை ஆராய்ந்து யோசனை கூறி, சோதித்துக் காட்டினேன்' என்பதே உண்மை. நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே உண்மை வெளிவந்துவிடும். இரண்டாவது, நிறுவனத்தின் இரகசியம். பழுது எண்ணிக்கையை வெளியே சொல்வதை முதலாளிகள் விரும்பமாட்டார்கள். பதினெட்டு ஏழானது என்றால் பதினொன்று குறைந்தது, அதாவது சுமார் அறுபது விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் எழுதி, வாடிக்கையாளர் பெயரையும் பொருளின் பெயரையும் விட்டுவிட்டோம். இறுதியில் ஆங்கிலத்தில் எழுதிய வரி தமிழில் இப்படி வரும்: 'சோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, அச்சுத் தகடு துடைக்கும் இடைவெளியைப் பாதியாக்க யோசனை கூறிச் சோதித்து, ஈயம் ஒட்டும் பழுதைச் சுமார் 60 விழுக்காடு குறைத்தேன், உற்பத்தி குறையவில்லை.' செய்தது, செய்த முறை, விளைவு மூன்றும் ஒரே வரியில். ஆங்கிலத்தில் எழுதும்போது 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லிலேயே தொடங்குவது வழக்கம். பதினான்கு வரிகள் இவ்வாறு ஐந்து வரிகளாயின. எண்ணே கிடைக்காத வேலையும் உண்டு. அதற்கு எண்ணைக் கற்பிக்கக்கூடாது. என்ன செய்தோம், யாருக்குப் பயன்பட்டது என்று எழுதினால் போதும்.

பிறகு பக்கத்தை அமைத்தோம். மேலே பெயர். அதன் கீழே ஊர், நாடு, மின்னஞ்சல், தொலைபேசி. தொலைபேசி எண்ணில் முதல் சுழியத்தை நீக்கிவிட்டு முன்னால் கூட்டல் குறியும் 60உம் போட வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து அழைக்க முடியாது. அடுத்து இரண்டு வரியில் அவர் யார் என்ற சுருக்கம். அதில் மலேசியக் குடிமகள், வேலை அனுமதி தேவைப்படும் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். பிறகு வேலை அனுபவம், சான்றிதழ், படிப்பு, மொழிகள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். 3/4 என்றால் ஒரு நாட்டில் ஏப்ரல் மூன்று, இன்னொரு நாட்டில் மார்ச் நான்கு.

ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஓரம், பதினொன்று அளவு எழுத்து. அதற்குள் அடங்கவில்லையானால் வரியைக் குறைக்க வேண்டுமே தவிர எழுத்தைக் குறைக்கக்கூடாது. என் வயதுக்காரர் ஒருவர் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. நான் படித்தேன், முடிந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் கணினி வாங்கித் தனித்தனிக் கட்டங்களில் பிரித்து வைக்கிறது. அழகுக்காகப் போடும் அட்டவணை, இரண்டு பத்தி அமைப்பு, படம் இவற்றால் சில வேளை அது குழம்பிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். முடித்த கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். பெயரும் தேதிகளும் வரிசையாக வந்தால் சரி. வேலையின் ஆண்டு படிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றால் கணினியும் அப்படித்தான் படிக்கக்கூடும். இவருடைய முதல் படியில் தொலைபேசி எண் மறைந்தே போயிற்று. அலங்காரக் கட்டத்துக்குள் வைத்திருந்தார். கட்டத்தை எடுத்ததும் சரியாயிற்று.

கடைசியாக இரண்டு வரி இடம் மிச்சமிருந்தது. தந்தையார் மெதுவாகக் கேட்டார், "கோயில் வேலைய போடலாமா சார்?" சமயம் என்ற கட்டத்தை எடுத்தோமே, இதைப் போடலாமா? இது அவரவர் விருப்பம் என்றேன். முதலாளி கேட்கக்கூடாததை நாம் சொல்லக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் சொன்னால் அது வேலையாகச் சொல்லப்பட வேண்டும். தைப்பூசத்தில் இரண்டு நாள் அன்னதானத்துக்கு நாற்பது தொண்டர்களைப் பிரித்து வேலை கொடுப்பதும் பொருள் கணக்கு வைப்பதும் இந்தப் பெண்தான். ஐந்து ஆண்டுகளாக. யோசித்துவிட்டு, "போடுறேன் சார். அது நான் செஞ்ச வேலைதானே" என்றார். கடைசி வரியாக அது ஏறியது. 7ஏ சான்றிதழ் வீட்டுச் சுவரிலேயே இருந்துவிட்டது.

எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக ஆய்வு வேலைக்கு நீண்ட குறிப்பே கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு மூன்று பக்கம் வழக்கமே. பிரிட்டனிலும் இரண்டு பக்கம் தவறில்லை. இருபதாண்டு அனுபவமுள்ளவர் ஒரு பக்கத்தில் திணித்தால் நல்லவை விடுபட்டுப்போகும். ஆனால் ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவர் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். ஏழு பக்கத்திலிருந்து தொடங்குகிறவருக்குத்தான் கடினம்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலில் அனுப்பிய இடத்திலிருந்து காணொளி நேர்முகத்துக்கு அழைத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆனால் இருபது நிமிடம் அந்தத் துடைக்கும் கதையையே கேட்டார்களாம். நாற்பது தொண்டர்களுக்கு எப்படி வேலை பிரித்தாய் என்றும் கேட்டார்களாம். தாய்ப் படியிலிருந்து அடுத்தடுத்து வேறு பக்கங்கள் எழுதினார். மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. இவ்வாண்டு தைப்பூச அன்னதான உபயப் பட்டியலில் ஒரு பெயர் அயர்லாந்திலிருந்து வந்திருக்கிறது. பிள்ளை பெயர், தந்தை பெயர், இரண்டே சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிக்காலப் பூசைக்குப் பிறகு நான் நூலக அறையில் இருப்பேன். வருகிறவர்கள் நீண்ட பயோடேட்டாவை அப்படியே எடுத்து வாருங்கள், வெட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தையும் அச்சிட்டு எடுத்து வாருங்கள். பென்சில்கள் என்னிடம் இருக்கின்றன. கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட பழைய வடிவத்தைத் திருத்திக் கொடுப்பது என் கடன்.